டாக்டர் சொன்னது பத்து மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பியது நாலு மணிக்கு: மருத்துவமனை அலுவலகத்துக்கு ஒரு மதிப்பெண் அட்டை

அரசு மருத்துவமனையில் உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தால் இது உங்களுக்குப் பழக்கமான காட்சிதான். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வருகிறார், புண்ணைப் பார்க்கிறார், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மணி பத்து. நீங்களும் பையைக் கட்டி, ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரும்போது மணி நாலு. நடுவில் அந்த ஆறு மணி நேரம் எங்கே போனது?

சிகிச்சையில் போகவில்லை, அது காலையிலேயே முடிந்துவிட்டது. நேரம் போனது நிர்வாகத்தில். ஓ.பி. பதிவு, கேஸ் ஷீட், காப்பீட்டுக் கோப்பு, பிறப்புப் பதிவு, மருந்துக் கிடங்கு, புகார் மனு என்று ஊசியும் கத்தியும் தொடாத வேலைகளையெல்லாம் பார்ப்பது மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவு. அந்தப் பிரிவு நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பல நாடுகளில் பயன்படுகிற ஒரு கருவிதான் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு. தமிழில் சமநிலை மதிப்பெண் அட்டை என்று சொல்லலாம். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதன் நிர்வாகப் பிரிவுக்கு அப்படி ஓர் அட்டையை நாமே தயாரித்துப் பார்ப்போம். கீழே அந்த மருத்துவமனை பற்றி வரும் எண்களெல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

இந்த முறையை 1992-இல் ராபர்ட் கப்லான், டேவிட் நார்டன் என்ற இருவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது. ஒரு நிறுவனத்தைப் பணக் கணக்கை மட்டும் வைத்து எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள். போன வருஷம் என்ன நடந்தது என்பதைத்தான் பணக் கணக்கு காட்டும். எனவே நான்கு பக்கமும் பாருங்கள்: பணம், வாடிக்கையாளர், உள்ளே வேலை நடக்கும் விதம், ஊழியர்கள் கற்று வளர்வது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சில அளவுகோல்கள் மட்டும் போதும்.

இது கம்பெனிகளுக்காக எழுதப்பட்டாலும் மருத்துவமனைகளுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் குழந்தைகள் மருத்துவமனை 1990-களின் நடுவில் நஷ்டத்தில் தத்தளித்தது. அங்கே நிர்வாகிகள் செலவைப் பற்றியே பேசினார்கள், டாக்டர்கள் நோயாளியைப் பற்றியே பேசினார்கள். இரண்டு பேச்சையும் ஒரே தாளில் கொண்டுவர அவர்கள் பயன்படுத்தியது இந்த அட்டையைத்தான்.

நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு ஒரு மாற்றம் தேவை. கம்பெனி அட்டையில் உச்சியில் இருப்பது லாபம். இங்கே லாபம் என்ற பேச்சே கிடையாது. அதனால் உச்சியில் மக்களை வைத்து, பணத்தைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவருகிறோம். பணம் வேண்டும்தான், ஆனால் அது வேலை நடப்பதற்காக. பொதுத்துறைக்கு இப்படி மாற்றிக்கொள்வதைக் கப்லானும் நார்டனும்கூடப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் கடிகாரத்தை எங்கே வைப்பது?

மக்கள் பக்கத்தில் நம் அட்டையின் முக்கியமான அளவுகோல் டிஸ்சார்ஜ் நேரம். "டிஸ்சார்ஜ் சீக்கிரம் நடக்க வேண்டும்" என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது, வெறும் ஆசைதான். எப்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது, யார் குறிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள் என்று நான்கையும் எழுதினால்தான் அளக்க முடியும்.

இதில் பெரும்பாலும் தவறு நடப்பது கடிகாரம் ஆரம்பிக்கும் இடத்தில். கோப்பு அலுவலக மேசைக்கு வந்த நிமிஷத்திலிருந்து எண்ணினால் அலுவலகத்துக்கு எப்போதும் நல்ல மார்க்தான். மதியம் மூன்று மணிக்குக் கோப்பு வந்தது, நாலு மணிக்கு முடித்துக் கொடுத்தோம், ஒரு மணி நேரம், சபாஷ்! ஆனால் நீங்கள் காத்திருந்தது ஆறு மணி நேரம். ஆகவே நம் அட்டையில் கடிகாரம் டாக்டர் கேஸ் ஷீட்டில் டிஸ்சார்ஜ் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஆரம்பிக்கிறது. டாக்டர் தேதியோடு மணியையும் எழுத வேண்டும். நோயாளி சீட்டையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு வார்டை விட்டுக் கிளம்பும்போது ஸ்டாஃப் நர்ஸ் இன்னொரு மணியைக் குறிக்கிறார். இந்த இரண்டு மணிகள் போதும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

அடுத்த தவறு சராசரி போடுவது. ஒரு நாளில் பத்துப் பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் காத்திருந்த நிமிஷங்கள்: 70, 80, 85, 90, 95, 100, 110, 120, 310, 340. கூட்டிப் பத்தால் வகுத்தால் 140 நிமிஷம், அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கேட்டால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 140 நிமிஷம் காத்திருந்தவர் என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவருமே இல்லை! எட்டுப் பேர் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரைச் சராசரி மறைத்துவிடுகிறது. எனவே நாம் எழுத வேண்டியது "பத்தில் எத்தனை பேர் இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பினார்கள்" என்று. அன்றைய விடை: எட்டு. மீதி இரண்டு பேர் யார் என்று உடனே கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எண்ணுவதும்.

இரண்டு மணி நேரம் என்பது நாமே வைத்த எல்லை. ஒப்பிட ஒரு தகவல்: பணம் கட்டி எடுக்கும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில், கேஷ்லெஸ் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவமனை அனுமதி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024-இல் விதித்திருக்கிறது. எந்த எல்லையை வைத்தாலும், வைப்பதற்கு முன் நான்கு வாரமாவது இப்போதைய நிலையை அளந்து பார்த்துவிட வேண்டும். இப்போது பத்தில் நாலு பேர்தான் நேரத்துக்குள் கிளம்புகிறார்கள் என்றால், அடுத்த மாதமே ஒன்பது வேண்டும் என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? வேலை மாறாது, கேஸ் ஷீட்டில் எழுதும் மணிதான் மாறும்.

அந்த இரண்டு பேரைத் தேடிப் போனால்

நம் கற்பனை மருத்துவமனையில் தாமதமான அந்த இரண்டு பேரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களுடைய டிஸ்சார்ஜ் சுருக்கம், பரிசோதனை முடிவுகள், மற்ற ஆவணங்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். அங்கே ஏதோ ஒன்று குறைகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு லேபிலேயே இருக்கிறது, அல்லது ஸ்கேன் படம் இருக்கிறது, அறிக்கை இல்லை. வார்டுக்கும் லேபுக்கும் நடுவே யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் அட்டையின் இரண்டாவது பக்கம், அதாவது உள்ளே வேலை நடக்கும் விதம் வருகிறது. நாம் வைக்கும் அளவுகோல்: அனுப்பிய காப்பீட்டுக் கோப்புகளில் எத்தனை, கேள்வி எதுவும் கேட்கப்படாமல் முதல் தடவையே ஏற்கப்பட்டன? ஒரு மாதத்தில் 60 கோப்புகள் போயின, 18 "இந்த ஆவணம் இல்லை" என்று திரும்பி வந்தன என்றால், முதல் தடவையே சரியானவை 42. நூற்றுக்கு எழுபது.

திரும்பி வந்த 18-ஐயும் மேசையில் பரப்பிப் பார்க்கிறார் ஆர்.எம்.ஓ. பதினொன்றில் ஒரே குறை: பரிசோதனை அறிக்கை இணைக்கப்படவில்லை. ஆக, குறை பதினொரு இடத்தில் இல்லை, ஓர் இடத்தில்தான் இருக்கிறது. தீர்வும் சின்னதுதான். என்னென்ன தாள் வேண்டும் என்ற பட்டியலை அட்மிஷன் அன்றே கேஸ் ஷீட்டின் முன்பக்கம் ஒட்டிவிடுவது. ஒவ்வொரு தாளும் வர வர நர்ஸ் டிக் செய்துகொண்டே போகிறார். டிஸ்சார்ஜ் அன்று தேட வேண்டியதில்லை.

பணப் பக்கத்துக்கு வந்தால் இதே கதையின் மறு முகம் தெரியும். ஒரு கோப்புக்குச் சராசரியாக 20,000 ரூபாய் என்று வைத்தால், திரும்பி வந்த 18 கோப்புகளில் 3,60,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு இந்தத் திட்டத்தில் வரும் பணத்தின் ஒரு பகுதி அந்த மருத்துவமனையின் தேவைகளுக்கே செலவாகிறது. எனவே அங்கே வைக்கும் அளவுகோல்: 30 நாளைத் தாண்டியும் கைக்கு வராத காப்பீட்டுத் தொகை எவ்வளவு?

"காப்பீட்டில் எவ்வளவு பணம் சம்பாதித்தோம்" என்றுதானே நேராகக் கேட்டிருக்கலாம் என்று நினைப்பீர்கள். கேட்கவே கூடாது. அந்தக் கேள்வியை அட்டையில் போட்ட அன்றே, தேவையில்லாத சிகிச்சையையும் கணக்கில் ஏற்றலாம் என்ற சபலத்துக்குக் கதவு திறக்கிறது. செய்த சிகிச்சைக்கு வர வேண்டியது வந்ததா என்று மட்டும் கேட்டால் அந்த ஆபத்து குறையும். ஒரே விஷயத்தை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. புகார் மனுவும் இப்படித்தான். "புகார் குறைய வேண்டும்" என்று இலக்கு வைத்தால் புகார்ப் பெட்டியின் சாவி தொலைந்துபோகும்!

நான்காவது பக்கம், ஊழியர்கள் கற்று வளர்வது. இதற்கு எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று எண்ணுவதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். பயிற்சியில் உட்கார்ந்தவர்களை எண்ணி என்ன பயன்? நம் அட்டையில் வேறு மாதிரி கேட்கிறோம்: ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலைகள் எத்தனை? காப்பீட்டு கவுன்டரில் கோப்பு ஏற்றத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கூட்டத்துக்குப் போனாலோ லீவு போட்டாலோ அன்றைக்கு கவுன்டர் இருந்தும் இல்லாத மாதிரி. இப்படி ஐந்து வேலைகள் இருப்பதாகக் கணக்கெடுத்தால், மூன்று மாதத்தில் அதை இரண்டாகக் குறைப்பது இலக்கு. இரண்டாவது ஆள் தனியாக உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அந்த வேலையைச் செய்து முடித்தால்தான் "கற்றுக்கொண்டார்" என்று எண்ண வேண்டும்.

இப்போது நான்கு பக்கத்தையும் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். இரண்டாவது ஆளுக்கு வேலை தெரிகிறது, அதனால் கோப்பு அன்றன்றைக்கே முழுமையாகிறது, அதனால் நோயாளி இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறார், கேள்வி வராததால் பணமும் வந்து சேர்கிறது. அட்டை போடுவதன் சூட்சுமமே இந்தச் சங்கிலிதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாற்பது எண்களைப் பலகையில் எழுதி வைத்தால் அது புள்ளிவிவரப் பட்டியல், மதிப்பெண் அட்டை ஆகாது. கடைசியில் வரும் பணக் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்கிறது. முதலில் வரும் "இரண்டாவது ஆள்" கணக்கு நடக்கப்போவதைச் சொல்கிறது. கீழே உள்ளது அசைந்து மூன்று மாதமாகியும் மேலே உள்ளது அசையவில்லை என்றால், நாம் நினைத்த காரணமே தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

மீதி ஐந்து அளவுகோல்கள்

இதுவரை பக்கத்துக்கு ஒன்றாக நான்கு ஆயிற்று. நிர்வாகப் பிரிவுக்குக் காப்பீடு தவிர வேறு வேலையும் உண்டு என்பதால் இன்னும் ஐந்தைச் சேர்க்கலாம். ஒன்பதுக்கு மேல் போனால் மாதக் கூட்டத்தில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஓ.பி. சீட்டு வாங்க ஆகும் நேரம் ஒன்று. கவுன்டர் கணினி சீட்டு அடித்த நேரத்தை மட்டுமே காட்டும், வாசலில் நீங்கள் நின்ற நேரம் அதற்குத் தெரியாது. எனவே வாரத்தில் ஒரு நாள் காலை, வரிசையில் வந்து சேரும் ஒவ்வொரு பத்தாவது ஆளிடமும் மணி எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, கவுன்டரில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எந்த நாள் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடாது. உங்கள் மொபைலில் ஆபா செயலி இருந்து, மருத்துவமனையிலும் அந்த க்யூஆர் பலகை இருந்தால், ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கலாம். பெயர், வயது சொல்லி எழுதும் நேரம் மிச்சம்.

இன்னொன்று பிறப்புப் பதிவு. பிரசவம் மருத்துவமனையில் நடந்தால் அதைத் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கே உண்டு. 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. ஆனால் சட்டம் கொடுத்த 21 நாளை அளவுகோலாக வைத்தால் பெரிய பயனில்லை. தாய் வார்டில் இருக்கும்போதே அம்மா பெயர், அப்பா பெயர், முகவரி எழுத்துக்களைக் குடும்பத்தார் ஒருமுறை படித்துச் சரிபார்த்தார்களா என்பதே நம் கேள்வி. பதிவான பிறகு ஓர் எழுத்தைத் திருத்த எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையா, கவலை வேண்டாம். பதிவு பெயரில்லாமலே நடக்கும், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்துக் கிடங்கில் காலாவதியான மருந்தின் மதிப்பு, கணினியோ நெட்வொர்க்கோ நின்றுபோன மணி நேரம், இந்த இரண்டையும் எண்ணுவது சுலபம். முதலாவது பணப் பக்கம், இரண்டாவது கற்றல் பக்கம். கருவிகள் சரியாக இருப்பதும் ஊழியரின் திறமையில் சேர்த்திதான்.

ஒன்பதாவது கொஞ்சம் வித்தியாசமானது. டிஸ்சார்ஜ் வேகத்தை மட்டும் அளந்தால், மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று விளக்காமலே ஆளை அனுப்பி வைக்கும் ஆபத்து இருக்கிறது. எனவே வேகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டும். வாரம் பத்துப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் போனில் ஒரே ஒரு கேள்வி: "மாத்திரை எப்படிச் சாப்பிடணும், மறுபடி எப்ப வரணும்னு யாராவது சொன்னாங்களா?" ஆம் என்பவர்களை எண்ண வேண்டும். வாசலில் சிரித்த முகம், அழுத முகம் பொத்தான் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பொத்தானை அழுத்துவது பெரும்பாலும் ரொம்பக் கோபமாக இருப்பவரும், சும்மா விளையாடும் குழந்தையும்தான். அப்படிப்பட்ட அழைப்பு உங்களுக்கு வந்தால், "எல்லாம் நல்லா இருந்துச்சு சார்" என்று மரியாதைக்குச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

இந்த எண்ணை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். மாதம் 40 பேரிடம் கேட்கிறோம். போன மாதம் 32 பேர் ஆம் என்றார்கள், இந்த மாதம் 34. இதற்காகக் கேக் வெட்டக்கூடாது, இரண்டு பேர் முன்னே பின்னே வருவது தற்செயலாகவே நடக்கும். தொடர்ந்து நாலைந்து மாதம் ஒரே திசையில் நகர்ந்தால் அல்லது ஒரேயடியாக 20-க்கு இறங்கினால் அப்போது கவனிக்க வேண்டும்.

அட்டையை யார் பார்ப்பது?

ஒவ்வோர் அளவுகோலுக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். "அலுவலகம்" என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம். அதேபோல் எண்ணுகிறவரும் மதிப்பெண் வாங்குகிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது. டிஸ்சார்ஜ் நேரத்தை வார்டு நர்ஸ் குறிக்கிறார், பதில் சொல்வது அலுவலகக் கண்காணிப்பாளர். வாரம் ஐந்து கேஸ் ஷீட்டை ஆர்.எம்.ஓ. எடுத்து, எழுதியிருக்கும் மணி நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கிறார். எல்லா மணியும் 11.00, 11.30, 12.00 என்று அழகாக முடிந்திருந்தால், அவை கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை அல்ல, கடைசியில் உட்கார்ந்து நிரப்பியவை.

மாதம் ஒருமுறை, அரை மணி நேரக் கூட்டம் போதும். ஒன்பதையும் வரிசையாக வாசிக்க வேண்டாம். அதிகம் நகர்ந்த இரண்டை எடுத்துக்கொண்டு ஏன் என்று கேட்டால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதி வேண்டும்: இந்த எண்ணை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. ஒரு மெமோ போனால் அடுத்த மாதத்திலிருந்து எல்லா எண்ணும் நல்ல எண்ணாகத்தான் வரும்.

நம் கற்பனை மருத்துவமனையில் மூன்றாவது மாதக் கூட்டம். கேள்வி வராமல் ஏற்கப்பட்ட கோப்புகள் நூற்றுக்கு எழுபதிலிருந்து எண்பத்தைந்துக்கு வந்துவிட்டன. ஆனால் டிஸ்சார்ஜ் இன்னும் பத்தில் எட்டிலேயே நிற்கிறது. சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. தாமதமான கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தால், கோப்பு மதியமே தயாராகியிருக்கிறது. நோயாளி காத்திருந்தது மருந்து வாங்க. உணவு இடைவேளையில் மருந்து கவுன்டரில் ஒருவரும் இல்லை. அடுத்த மாத அட்டையில், "ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலைகள்" என்ற பட்டியலில் மருந்து கவுன்டரும் சேர்கிறது. அதற்கு இரண்டாவது மருந்தாளுநரை எந்த நேரத்தில் அங்கே உட்கார வைப்பது என்பதுதான் அன்றைய அரை மணி நேரம் முழுவதும் நடந்த பேச்சு.